மழைக்கால இரவில் குளிரூட்டியை எந்த நிலையில் இயக்குவது?

டிசம்பர் மாத இரவு. நாள் முழுவதும் மழை. வீவக வீட்டின் படுக்கையறையில் வெப்பநிலை 26 டிகிரிதான். ஆனாலும் உடம்பு பிசுபிசுக்கிறது, போர்வை ஈரமாகத் தோன்றுகிறது. குளிரூட்டியை 24 டிகிரியில் போட்டால் சற்று நேரம் இதமாக இருக்கிறது. பிறகு மீண்டும் புழுக்கம். 20 டிகிரிக்கு இறக்கினால் நடுங்க வைக்கிறது. சிங்கப்பூரில் பலருக்கும் பழக்கமான இந்தத் தொல்லைக்குத் தீர்வு தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியிலேயே இருக்கிறது. நீர்த்துளி படம் போட்ட ‘டிரை’ நிலைதான் அது.

குளிரூட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. அறைக் காற்றைக் குளிர வைக்கிறது. அதிலுள்ள ஈரத்தையும் எடுக்கிறது. உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் காற்று படும்போது, பனிக்கட்டி போட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், ஈரம் தண்ணீராகப் படிந்து குழாய் வழியே வெளியேறுகிறது. கம்ப்ரசர் ஓடும்போது மட்டுமே இது நடக்கும்.

பனித்துகள் படமுள்ள ‘கூல்’ நிலையில், குறித்த வெப்பநிலை வந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும் அல்லது மெதுவாகிவிடும். மழை நாளில் அறை ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் இது சீக்கிரமே நடந்துவிடும். விசிறி மட்டும் தொடர்ந்து சுற்றும். சுருளில் படிந்த தண்ணீரை அது மீண்டும் அறைக்குள் அனுப்பும். பிசுபிசுப்புக்குக் காரணம் இதுதான்.

‘டிரை’ நிலையில் விசிறி மெதுவாகச் சுற்றும். கம்ப்ரசர் விட்டுவிட்டு இயங்கும். காற்று சுருளில் நின்று நிதானமாகப் படுவதால் ஈரம் கூடுதலாகப் பிரியும். அறையோ அதிகம் குளிராது. பல மாடல்களில் இந்த நிலையில் வெப்பநிலையை மாற்ற முடியாது. அது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான்.

இதற்கும் வரம்பு உண்டு. 32 டிகிரி வெயிலில் வீடு திரும்பியவுடன் ‘டிரை’ போட்டால் அறை குளிராது. அப்போது முதலில் அரை மணி நேரம் ‘கூல்’ தேவை. சன்னல் திறந்திருந்தாலோ அறைக்குள் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தாலோ, எடுக்கும் ஈரம் மீண்டும் வந்துகொண்டே இருக்கும்.

நிலாப் படமுள்ள ‘ஸ்லீப்’ நிலை வேறு நோக்கத்துக்கானது. தூங்கும்போது உடல் வெப்பம் சற்றுக் குறைகிறது. படுக்கும்போது இதமாக இருந்த அதே குளிர் விடியற்காலை மூன்று மணிக்கு அதிகமாகத் தெரிவது அதனால்தான். இந்த நிலை குறித்த வெப்பநிலையைத் தானாகவே படிப்படியாக உயர்த்தும். பல மாடல்களில் மணிக்கு ஒரு டிகிரி வீதம் இரண்டு மணி நேரத்துக்கு உயரும். அதன்பின் அப்படியே நிற்கும். கம்ப்ரசருக்கு வேலை குறைவதால் மின்சாரமும் மிச்சமாகும்.

பலர் தவறு செய்வதும் இங்கேதான். இரவு 10.30 மணிக்கு 25 டிகிரியில் ‘ஸ்லீப்’ போட்டால், 11.30க்கு 26, 12.30க்கு 27 டிகிரி. ஒரு மணிக்கு வியர்த்து விழிப்பவர், குளிரூட்டியில் வாயு குறைந்துவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார். கடைசியில் எந்த வெப்பநிலை வேண்டும் என்று முதலில் முடிவு செய்வதே சரி. 26 டிகிரியில் தூங்குபவர் 24இல் தொடங்கினால் போதும். மாடலுக்கு மாடல் கணக்கு மாறும் என்பதால் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது ‘ஃபேன்’ நிலை. இதில் கம்ப்ரசர் இயங்காது. காற்று குளிராது, ஈரமும் போகாது. மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். ஆனால் வீடுகளில் சுவரில் பொருத்தும் வழக்கமான குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையிலிருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. காற்று வாங்க மட்டும் என்றால் மேற்கூரை விசிறியே மேல்.

‘ஃபேன்’ நிலை உண்மையில் உதவுவது காலையில்தான். இரவு முழுவதும் ஓடிய குளிரூட்டியை அப்படியே நிறுத்தினால் உள்ளே சுருள் நனைந்தே கிடக்கும். அங்கே பூஞ்சை வளர்ந்தால், அடுத்த முறை போட்டதும் புளித்த வாடை வீசும். எழுந்ததும் சன்னலைத் திறந்து, 20 முதல் 30 நிமிடங்கள் ‘ஃபேன்’ போட்டுவிட்டால் சுருள் உலர்ந்துவிடும். அறையில் ஆள் தூங்கும்போது இதைச் செய்தால் அந்த ஈரம் அவர்மேல்தான் வரும்.

வாடை ஏற்கெனவே வந்துவிட்டால் சுருளைக் கழுவித்தான் ஆகவேண்டும். உட்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும். அதை எந்த நிலைக்கு மாற்றியும் சரிசெய்ய முடியாது.