சாப்பாட்டு மேசையில் நான்கு நிமிடம்

மூச்சுக்குழாயில் இறைச்சித் துண்டு அடைத்துக்கொண்டவர் கத்த மாட்டார். கத்துவதற்குக் காற்று வேண்டும், அவரிடம் அது இல்லை. இரும முடியாது, "தண்ணி" என்று கேட்கவும் முடியாது. பலர் சத்தமே இல்லாமல் எழுந்து கை கழுவும் இடத்தை நோக்கி நடக்கிறார்கள். நான்கு பேர் முன்னால் வாந்தி எடுத்துவிடுவோமோ என்ற கூச்சம்தான் காரணம். அங்கே தனியாக விழுந்தால் கண்டுபிடிக்கவே நேரமாகிவிடும். பாதிச் சாப்பாட்டில், கழுத்தில் கை வைத்தபடி, பேச்சு மூச்சில்லாமல் ஒருவர் எழுந்து போனால் சப்ளையர் பின்னாலேயே போக வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட சாவுகளை மாரடைப்புக் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஃபுளோரிடாவில் உணவகங்களில் சாப்பிடும்போதே விழுந்து இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த ஹாகன் என்ற மருத்துவர், அவர்கள் தொண்டையில் உணவுத் துண்டுகள் அடைத்திருந்ததைக் கண்டு 1963-ல் எழுதினார். 'கஃபே கரோனரி' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. பெரிய துண்டு, சரியாக மெல்லவிடாத பல்செட், கூடவே மது: இந்த மூன்றும் சேருமிடத்தில் ஆபத்து அதிகம். மாரடைப்பா அடைப்பா என்ற குழப்பம் இன்றும் வரும். பிரித்தறிய ஒரு கேள்வி போதும். "சார், பேச முடியுதா?" மாரடைப்பு வந்தவர் முனகியாவது பதில் சொல்வார். அடைப்பு வந்தவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

பிரியாணிக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுக்காரர், பல்செட் போட்டவர், மட்டன் துண்டை விழுங்கும்போது சிரிக்கிறார். சத்தமாக இருமுகிறார் என்றால் நாம் எதுவும் செய்யக் கூடாது. இருமலைவிட வலுவான வைத்தியம் வெளியே இல்லை. "இருமுங்க, நல்லா இருமுங்க" என்று பக்கத்திலேயே நின்றால் போதும். நம் ஊரில் உடனே நடப்பது வேறு. ஒருவர் உச்சந்தலையில் தட்டுவார், இன்னொருவர் தம்ளரை நீட்டுவார். லேசாகப் புரையேறியவருக்குத் தலையில் தட்டினால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அடைப்புள்ளவருக்கு அந்த நொடிகள் வீண். தண்ணீர் இன்னும் மோசம். அடைப்பைத் தாண்டி இறங்க வழியில்லாமல் அதுவும் மூச்சுப்பாதையிலேயே தேங்கும்.

இருமல் நின்று, சத்தம் போய், உதடு நீலம் பாரிக்கிறது. இப்போது ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நோயாளியின் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நின்று, ஒரு கையால் அவர் மார்பைத் தாங்கி, இடுப்பிலிருந்து நன்றாக முன்னால் குனிய வைக்க வேண்டும். குனியவைப்பது முக்கியம். நிமிர்ந்து நிற்பவரின் முதுகில் தட்டினால் துண்டு இன்னும் கீழே இறங்கலாம். தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கி அடிக்க வேண்டும். முதுகைத் தடவிக் கொடுக்கிற தட்டல் போதாது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு துண்டு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

வரவில்லை என்றால் அவருக்குப் பின்னால் போய், இரு கைகளாலும் இடுப்பைச் சுற்றி வளைத்து, ஒரு கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே வைக்க வேண்டும். மறு கையால் முஷ்டியைப் பிடித்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஒரே வெட்டாக ஐந்து முறை இழுக்க வேண்டும். ஹென்றி ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1974-ல் எழுதிய முறை இது. மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று மிச்சமிருக்கும். வயிற்றை அமுக்கும்போது உதரவிதானம் மேலே ஏறி அந்தக் காற்றை நெருக்குகிறது. காலி பாட்டிலை அமுக்கினால் மூடி தெறிப்பது போல, அடைத்த துண்டு அடியிலிருந்து தள்ளப்படுகிறது.

ஐந்து அடி, ஐந்து இழுப்பு, மறுபடி ஐந்து அடி என்று துண்டு வரும்வரை அல்லது அவர் மயங்கும்வரை தொடர வேண்டும். முதுகில் அடிப்பது ஆபத்து என்று ஹெய்ம்லிக் கடைசிவரை வாதாடினார். ஐரோப்பிய வழிகாட்டிகளும் செஞ்சிலுவைச் சங்கமும் அதை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் வயிற்றை அமுக்குவதை மட்டுமே சொல்லிவந்த அமெரிக்க இதயச் சங்கமும் 2025-ல் முதுகு அடியை முதலில் வைத்துவிட்டது. 2016-ல், 96 வயதில், தான் தங்கியிருந்த முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஹெய்ம்லிக்கே தன் முறையால் 87 வயதுப் பெண்மணி ஒருவரைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிக்கும், கை வளையாத அளவுக்குப் பருமனானவருக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்சின் நடுவில் அமுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் கை வைக்கவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து அடி. பிறகு மல்லாக்கப் புரட்டி நெஞ்சில் ஐந்து அமுக்கல். நம் பிரியாணிக்காரர் மயங்கிச் சரிந்தால் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு வீதம் அமுக்கத் தொடங்க வேண்டும். முப்பது அமுக்கலுக்குப் பிறகு வாயைத் திறந்து பார்த்து, துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் உள்ளே தள்ளிவிடுவோம். பயிற்சி பெற்றவர் இரண்டு முறை வாய்வழி மூச்சும் கொடுக்கலாம். பிராணவாயு இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனால் மூளை சிதையத் தொடங்கும். ஆம்புலன்ஸ் அதற்குள் வந்துவிடும் என்று நம்பி யாரும் கை கட்டி நிற்க முடியாது. பிழைத்தவரும் வயிற்றில் அமுக்கப்பட்டிருந்தால் மருத்துவமனையில் காட்டித்தான் ஆக வேண்டும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ அடிபட்டிருக்கலாம்.

மீன் முள் வேறு சமாச்சாரம். அது பெரும்பாலும் தொண்டைச் சதையிலோ உணவுக்குழாயிலோ குத்தி நிற்கும். ஆள் பேசுவார், மூச்சு விடுவார். சோற்று உருண்டையும் வாழைப்பழமும் விழுங்கச் சொல்வது முள்ளை ஆழமாக இறக்கிவிடலாம். அவரைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அனுப்புவதே சரி.

அடுப்படிக்கு வருவோம். பஜ்ஜி போடும்போது மாஸ்டரின் முன்கையில் எண்ணெய் தெறிக்கிறது. எண்ணெய் 180 டிகிரி. கொதிக்கும் சாம்பாரைப்போல வழிந்து ஓடிவிடாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும். இட்லிப் பானையைத் திறந்ததும் அடிக்கும் ஆவியையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 40 டிகிரிக்கு ஆறும்போது 60 கலோரி வெப்பம் தருகிறது. அதே ஒரு கிராம் ஆவி முதலில் நீராகி, பிறகு ஆறும்போது சுமார் 600 கலோரி தருகிறது. பத்து மடங்கு.

சுட்டபின் உடனே கையை எடுத்துவிட்டாலும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கும். தீக்காயத்தின் நடுப்பகுதி செத்துவிடும். அதைச் சுற்றி, ரத்த ஓட்டம் தடுமாறும் ஒரு வளையம் இருக்கும் என்று பர்மிங்காம் மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953-ல் காட்டினார். அந்த வளையம் பிழைக்குமா, செத்த பகுதியோடு சேருமா என்பதை அடுத்து நாம் செய்வதும் தீர்மானிக்கிறது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மூன்று மணி நேரம் கழித்துச் செய்தாலும் பலனுண்டு என்பதால், 'லேட்டாகிவிட்டது' என்று விடக் கூடாது. ஐஸ் கூடாது, அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி அந்த வளையத்தையே பட்டினி போடும். இட்லி மாவு, பற்பசை, இங்க், காபித்தூள் எல்லாம் சூட்டை உள்ளேயே நிறுத்தி, கிருமியையும் சேர்த்து, மருத்துவர் காயத்தைப் பார்க்கவிடாமல் மூடுகின்றன.

இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. சித்திரை மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். குழாயைத் திறந்துவிட்டு, குளிர்ந்த நீர் வருகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் 20 லிட்டர் கேன் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மெல்ல ஊற்றினால் சரியாக 20 நிமிடம் வரும். வீங்குவதற்குள் மோதிரம், கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பிறகு பார்சல் கட்டும் கிளிங் ஃபிலிமில் முதல் சுற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்ததைக் காயத்தின்மேல் நீளவாக்கில் பரப்பலாம். கையைச் சுற்றிக் கட்டினால் வீக்கம் இறுக்கும். நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அவர் உடற்பரப்பில் சுமார் ஒரு சதவீதம். அதைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்ட காயம், வெளுத்துப்போய் வலியே இல்லாத காயம் எல்லாம் மருத்துவமனைக்குரியவை. வலி இல்லையே என்று நிம்மதியடைவதுதான் பெரிய ஏமாற்றம், நரம்பே வெந்துவிட்டது என்று அர்த்தம்.

வெட்டுக்காயத்துக்கு விஷயம் குறைவு. சுத்தமான துணியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். 'நின்னுடுச்சா' என்று இடையில் எடுத்துப் பார்ப்பவர் உறைந்த ரத்தத்தைக் கலைத்துவிடுகிறார். ஊறினால் மேலே இன்னொரு துணி. கண்ணாடித் துண்டு குத்தி நின்றால் பிடுங்காமல் இரு பக்கமும் அழுத்த வேண்டும். ரத்தம் நின்றதும் விரல் நுனியை மடக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடச் சொல்லி நுனியைத் தொட்டுப் பாருங்கள். மடங்கவில்லை, தொடுவது தெரியவில்லை என்றால் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கிறது, எவ்வளவு சின்னக் கீறலாகத் தெரிந்தாலும். கிரைண்டரில் விரல் துண்டானால், துண்டை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து ஆளோடு அனுப்ப வேண்டும். ஐஸில் நேரடியாகப் போட்டால் உறைந்து வீணாகும்.

சீழ் பிடித்த விரலோடு சட்னி தாளிப்பவர் இன்னொரு பிரச்சினை. அதிலுள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் விடும் நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால்தான் காயத்தை நீர் புகாத கட்டால் மூட வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. சமையலறைப் பிளாஸ்டர் நீல நிறத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. குழம்பில் விழுந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கடைக்கு முதலுதவிப் பெட்டியில் இவை போதும்: பல அளவில் நீலப் பிளாஸ்டர் நாற்பது, கிருமி நீக்கிய காஸ் துணி பத்து, பெரிய டிரெஸ்ஸிங் பேட் இரண்டு, இரண்டு அகலத்தில் ரோலர் பேண்டேஜ் நான்கு நான்கு, ஒட்டும் டேப், முக்கோணத் துணி இரண்டு, நைட்ரைல் கையுறை ஐந்து ஜோடி, விரலுறை, காயம் கழுவ சலைன் பாட்டில், போவிடோன் அயோடின் சிறியது, முனை மழுங்கிய கத்தரி, ட்வீசர், பிரிக்காத கிளிங் ஃபிலிம் ஒன்று, வாய்வழி மூச்சு கொடுக்கும் முகமூடி. பஞ்சு வேண்டாம், இழை காயத்தில் ஒட்டும். தீக்காயக் களிம்பும் வேண்டாம். அது உள்ளே இருந்தால் யாரும் 20 நிமிடம் குழாயடியில் நிற்க மாட்டார்கள். மாத்திரைகளும் வேண்டாம், ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒவ்வாமையாகும்.

பெட்டியை அடுப்புக்கு மேலே மாட்டினால் பசையெல்லாம் உருகிவிடும். கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினால் முதலாளி வங்கிக்குப் போன நேரத்தில் திறக்க முடியாது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவர்தான் சரியான இடம். மூடியின் உட்புறத்தில் கடையின் முழு முகவரியையும் பக்கத்து அடையாளத்தையும் எழுதி ஒட்டுங்கள். 108-க்குப் பேசுபவர் போன வாரம் வேலைக்குச் சேர்ந்த வெளியூர்ப் பையனாகவும் இருக்கலாம்.