ஆண்டு மலரை ஸ்கிரைபஸில் கட்டுவோம்

தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், ஆலயத் திருவிழா மலர், இளைஞர் மன்ற இதழ்... நம் ஊரில் இவை பெரும்பாலும் யாரோ ஓர் ஆசிரியரின் அல்லது தன்னார்வலரின் மடிக்கணினியில்தான் பிறக்கின்றன. வேர்டில் தொடங்குவார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு படத்தைப் பெரிதாக்கினால் பதினொன்றாம் பக்கம் வரை எல்லாம் நகர்ந்துவிடும். பக்க எண் ஓரிடத்தில் மேலே, ஓரிடத்தில் கீழே. அச்சகத்திற்கு அனுப்பும் முந்தின இரவு யாரும் தூங்குவதில்லை.

மாதச் சந்தா கட்டி வடிவமைப்பு மென்பொருள் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணம் இருக்காது. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் தமிழுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பதிப்பு எண்ணைப் பார்த்துப் பதிவிறக்குங்கள். பழைய 1.4 வரிசையில் ‘கொ’ என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் நம் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி சேர்ந்தது. 2024இல் வந்த 1.6 வரிசையோ அதற்குப் பிந்தியதோ இருக்கட்டும்.

A4 அளவில் 24 பக்கப் பள்ளி மலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஸ்டேப்பிள் அடிக்கும் இதழ் என்பதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 24 சரி. ‘File > New’ போய் ‘Double Sided’ தேர்வு செய்கிறோம். ஓர இடைவெளி உள்பக்கம் 20 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 16. மடிப்புப் பக்கம் எழுத்து விழுங்கப்படும் என்பதால் உள்ளே அதிகம். ‘Bleeds’ பகுதியில் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கொடுங்கள். பக்க விளிம்புவரை போகும் படத்தை இந்தக் கூடுதல் அளவுக்கு இழுத்துவிட்டால், கத்தி சற்று விலகி வெட்டினாலும் வெள்ளைக் கோடு தெரியாது.

இனி பத்திகள். எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் 174 மில்லிமீட்டர். இதை மூன்றாகப் பிரிப்பதா, இரண்டாகவா என்று சண்டை போட வேண்டாம், ஆறாகப் பிரியுங்கள். ‘Page > Manage Guides’ திறந்து ‘Column/Row’ பகுதியில் செங்குத்துக் கோடுகளுக்கு 5 என்று கொடுங்கள். அந்த எண் கோடுகளைக் குறிக்கிறது, பத்திகளை அல்ல. ‘Use Gap’ 6 மில்லிமீட்டர். ‘Refer To’ என்ற இடத்தில் ‘Margins’. பிறகு ‘Apply to All Pages’. ஒவ்வொரு கட்டமும் 24 மில்லிமீட்டர் வரும். மூன்று கட்டங்களைச் சேர்த்தால் 84 மில்லிமீட்டர் பத்தி, பக்கத்திற்கு இரண்டு. இரண்டு கட்டங்களைச் சேர்த்தால் 54, பக்கத்திற்கு மூன்று. தலைமையாசிரியர் உரைக்கு நான்கு கட்டம், பக்கத்தில் அவர் படத்திற்கு இரண்டு கட்டம் என்றும் வைக்கலாம். எல்லாப் பக்கமும் ஒரே குடும்பமாகத் தெரியும்.

அந்த 54 மில்லிமீட்டர் பத்தியில் மட்டும் கவனம். 10 பாயிண்ட் தமிழ் எழுத்தில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் பிடிக்கும். ‘மாணவர்களுக்காகவும்’ போன்ற ஒரு சொல் வந்தால் போச்சு. இருபுறமும் நேராக்கினால் நடுவில் பெரிய ஓட்டை விழும். குறுகிய பத்தியை இடப்பக்கம் மட்டும் நேராக்கி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுங்கள். இருபுறமும் நேரான வரிகளை 84 மில்லிமீட்டர் பத்திக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வானொலியில் மணிக்கொரு முறை வரும் நிலைய இசையை யாரும் மணிக்கொரு முறை பதிவு செய்வதில்லை. மாஸ்டர் பக்கமும் அப்படித்தான். ‘Edit > Master Pages’ திறந்தால் ‘Normal Left’, ‘Normal Right’ இரண்டும் தயாராக இருக்கும். இடப்பக்கத்தில் கீழே இடது ஓரம், வலப்பக்கத்தில் கீழே வலது ஓரம் ஒரு சிறு எழுத்துச் சட்டம் வரைந்து, ‘Insert > Character > Page Number’ கொடுங்கள். அங்கே # என்றுதான் தெரியும். உண்மையான பக்கத்தில் எண்ணாக மாறும். பள்ளிப் பெயர், ஆண்டு, மெல்லிய கோடு எல்லாம் இங்கேயே.

மாஸ்டர் பக்கத்தில் வைத்ததைச் சாதாரணப் பக்கத்தில் தொட்டுத் திருத்த முடியாது. அதனால் மாறாதவற்றை மட்டும் அங்கே வையுங்கள். முகப்புக்கு எண் வேண்டாம் என்றால், ஒன்றும் இல்லாத மாஸ்டர் பக்கம் ஒன்றை உருவாக்கி அதற்குக் கொடுத்துவிடலாம். இன்னொன்று, மாஸ்டர் பக்கத்துப் பொருள்கள் அடியில்தான் கிடக்கும். முழுப்பக்கப் படம் வைத்தால் எண் மறையும்.

மலரின் உயிர் இருப்பது ஸ்டைலில் என்பேன். F4 அழுத்தினால் ஸ்டைல் பலகை வரும். முதலில் ‘Default Paragraph Style’ ஸ்டைலுக்கே நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுங்கள். தமிழோடு ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ளதாக இருக்கட்டும்; முக்த மலர் அப்படிப்பட்ட ஒன்று. இல்லையேல் நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் இருக்கும் இடம் கட்டம் கட்டமாகக் காட்டும். அதன்மேல் ‘செய்தி’ என்று ஒரு ஸ்டைல்: 10 பாயிண்ட், வரி இடைவெளி 15. நம் எழுத்தில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் 12 பாயிண்ட் இடைவெளி மூச்சு முட்டும். ‘முதல் பாரா’, ‘படக்குறிப்பு’ இரண்டையும் ‘Based On’ மூலம் ‘செய்தி’யின் பிள்ளைகளாக்குங்கள்.

பயன் எப்போது தெரியும்? எழுத்து சிறியதாக இருக்கிறது, பாட்டி தாத்தாக்கள் எப்படிப் படிப்பார்கள் என்று கடைசி வாரத்தில் குழுவில் ஒருவர் கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். ‘செய்தி’யை 10.5 ஆக்கினால் 24 பக்கமும் ஒரு நொடியில் மாறும். மாறாத பாரா ஏதாவது இருந்தால், யாரோ அதைக் கையால் தேர்ந்தெடுத்து அளவு வைத்திருக்கிறார் என்று பொருள். அந்த நேரடி அளவை நீக்கினால் அதுவும் வழிக்கு வரும்.

ஆனால் எழுத்து பெரிதானால் கட்டுரையும் நீளும். சட்டத்தின் கீழ் வலது மூலையில் சிறிய சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால், மீதி எழுத்து உள்ளே அடைபட்டிருக்கிறது. அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் அந்த வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். மூன்றாம் ஆண்டு மாணவி எழுதிய கவிதையின் கடைசி இரண்டு வரி இல்லாமல் ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

நல்லவேளை, ‘File > Export > Save as PDF’ அழுத்தினால் ஸ்கிரைபஸ் முதலில் தானே சோதிக்கும். வழியும் எழுத்து, எழுத்துருவில் இல்லாத எழுத்து, தரம் குறைந்த படம் எல்லாம் பட்டியலாக வரும். ‘Ignore Errors’ பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்; தொடாதீர்கள். படத்தில் இன்னொரு சிக்கல்: எச்சரிக்கைக்கான குறைந்தபட்ச அளவு தொடக்கத்தில் 300க்கு வெகுவாகக் கீழே இருக்கிறது. வாட்சாப்பில் வந்த 1280 பிக்சல் அகலப் படம் 84 மில்லிமீட்டர் பத்தியில் அங்குலத்திற்கு 387 பிக்சல் தரும், தாராளம். அதையே 216 மில்லிமீட்டர் முழுப்பக்கத்திற்கு இழுத்தால் 150தான். திரையில் அழகாக இருக்கும், தாளில் மங்கும். மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றுமதிப் பலகையில் மூன்றைப் பாருங்கள். எழுத்துருக்கள் கோப்பினுள் சேர்க்கப்பட வேண்டும். ‘Color’ பகுதியில் ‘Printer’. ‘Pre-Press’ பகுதியில் ‘Use Document Bleeds’. வெட்டுக் குறிகள் சேர்க்காத பிடிஎஃப்பைத் திறந்து அதன் விவரத்தில் பக்க அளவைப் பார்த்தால் 216 x 303 என்று இருக்க வேண்டும். 210 x 297 என்றிருந்தால் விளிம்பு போகவில்லை. அச்சகம் திருப்பி அனுப்பும். பக்கங்களை ஒன்று முதல் 24 வரை வரிசையாகவே கொடுங்கள். தாளில் எது எதனோடு சேரும் என்று அடுக்குவது அச்சகத்தின் வேலை. பெற்றோர் வாட்சாப் குழுவுக்கு ‘Screen / Web’ என்று இன்னொரு பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கட்டுரைகளை நீக்கிவிட்டு ‘File > Save as Template’. படங்களையும் எழுத்துருக்களையும் ‘Collect for Output’ ஒரே கோப்புறையில் சேர்த்துத் தரும். அந்தக் கோப்புறையைப் பள்ளி அலுவலகக் கணினியில் ஒரு பிரதி வையுங்கள். மலர் போட்ட ஆசிரியர் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாறிப் போயிருப்பார்.