விடுப்பில் கிளம்பும் முன் ஒரு மெயில்

விடுப்புக்கு விண்ணப்பிப்பது வேறு, விடுப்பு பதிவாவது வேறு. மேலாளர் "சரி, போயிட்டு வாங்க" என்று வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பளப் பிரிவின் கணினியில் விண்ணப்பம் நிலுவையில் கிடந்தால், அந்த நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகிவிடக்கூடும். எனவே கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒப்புதல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு மேலாளருக்கும் வேலையைப் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்து ஒரே மெயில் எழுத வேண்டும். அதில் விடுப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, திரும்ப வேலைக்கு வரும் நாள் மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

மெயிலில் பெயர் போட்டால் மட்டும் பொறுப்பு கைமாறிவிடாது. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரப் பங்குதாரர் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் கணக்கர் 18 முதல் 21 வரை கொல்லிமலைக்குப் போகிறார். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கடைசி நாள். உதவிக் கணக்கர் படிவத்தை நிரப்பி, வரியையும் கட்டிவிடுவார். ஆனால் தாக்கல் செய்யும் கட்டத்தில் ஓடிபி, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். இந்த நிறுவனத்தில் அந்தக் கையொப்பதாரர் கணக்கரேதான். மலையில் சிக்னல் இல்லாவிட்டால் எல்லாம் தயாராக இருந்தும் படிவம் நின்றுபோகும். தாமதக் கட்டணம், வரி இருக்கும் படிவத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விடுப்புக்கு முன் ஒருநாள், பொறுப்பேற்பவரே அந்த வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்கட்டும். எங்கே அவர் கணக்கரிடம் ஏதாவது கேட்க நேர்கிறதோ, அங்கேதான் ஓட்டை. இந்த நிறுவனத்துக்குச் சிறந்த தீர்வு 17ஆம் தேதியே தாக்கலை முடித்துவிடுவது. அதற்கு வழியில்லையென்றால் பங்குதாரர் ஒருவரையும் கையொப்பதாரராக முன்கூட்டியே சேர்த்து, தாக்கலின்போது அவர் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி நாளில் செய்கிற வேலையல்ல அது.

அவசரத் தொடர்பிலும் இதே துல்லியம் வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்ற வரியை மலை ஏறியவரால் காப்பாற்ற முடியாது. கணக்கர் இப்படி எழுதலாம்: "18 முதல் 21 வரை விடுப்பு, ஒப்புதல் பதிவாகிவிட்டது. 22 அன்று வேலைக்கு வருவேன். அன்றாடக் கணக்கு, பில் கேள்விகளுக்கு உதவிக் கணக்கரைக் கேளுங்கள், அவரிடம் பேசிவிட்டேன். வரித்துறை நோட்டீஸ் வந்தாலோ வங்கிப் பணம் தடைபட்டாலோ மட்டும் என்னைக் கூப்பிடுங்கள். பகலில் சிக்னல் கிடைப்பது கடினம்; இரவு 7 முதல் 8 வரை விடுதியில் இருப்பேன். விடுதியின் தொலைபேசி எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்."

எது அவசரம் என்று இரண்டே உதாரணங்களில் சொல்லியிருப்பதால், வவுச்சர் கோப்பு எங்கே என்று கேட்க யாரும் மலைக்கு போன் போட மாட்டார்கள். உதவிக் கணக்கரே காய்ச்சலில் படுத்துவிட்டால் யாரிடம் போவது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். அங்கே பங்குதாரர் ஒருவரின் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டுப் போடலாம்.