பொங்கலுக்கு ஊருக்குப் போனவரின் தாமதக் கட்டணம்
வங்கிக்கு எழுத வேண்டிய கடிதம் எது?

பெங்களூரில் வாழும் தமிழர்கள் பொங்கல் என்றால் சாந்திநகர் பஸ் நிலையத்தை நோக்கிக் கிளம்பி விடுவது வழக்கம். சேலம், தருமபுரி, திருவண்ணாமலை என்று ஊர் போய்ச் சேர்ந்து, நாலு நாள் உறவினரோடு இருந்து திரும்பும்போது சிலருக்கு வீட்டில் ஒரு வேண்டாத விருந்தாளி காத்திருக்கிறது. கிரெடிட் கார்டு பில்லில் ஏறியிருக்கும் தாமதக் கட்டணம்தான் அது. முதல் தடவை என்பதால் தள்ளுபடி செய்யுமாறு வங்கியைக் கேட்கலாம். பலரும் கேட்கிறார்கள். ஆனால் என்ன கேட்பது, எதைச் சொல்லிக் கேட்பது என்பதில்தான் தவறு நேர்கிறது.

2025-ஆம் ஆண்டுப் பொங்கலை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அல்சூரில் குடியிருக்கும் ஒருவருக்கு டிசம்பர் 25-ந் தேதி பில் வந்தது என்று வைத்துக் கொள்வோம். டிசம்பர் 10-ந் தேதி வாங்கிய ஒரே பொருளுக்கான 12,400 ரூபாய். கெடு ஜனவரி 14. அவர் 11-ந் தேதி சனிக்கிழமை இரவே ஊருக்குக் கிளம்பி விட்டார். 19-ந் தேதி திரும்பி வந்ததும் முழுத் தொகையையும் கட்டி விட்டார். ஜனவரி 25-ந் தேதி வந்த அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் 750 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 135 ரூபாய், ஆக 885 ரூபாய் ஏறியிருந்தது.

விடுமுறை என்ற காரணம்

"பாங்க் லீவு, அதனால் கட்ட முடியவில்லை" என்று எழுதத்தான் முதலில் கை போகும். அந்தக் காரணம் நிற்காது. அந்தப் பொங்கலில் தமிழ்நாட்டு வங்கிகளுக்குப் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று 14, 15, 16 ஆகிய மூன்று நாளும் விடுமுறை. கர்நாடகத்திலோ மகர சங்கராந்தியான 14-ந் தேதி மட்டுமே விடுமுறை. ஊரில் இருந்தவருக்கு மூன்று நாள் மூடியிருந்த வங்கி, அவருடைய பெங்களூர்க் கிளையைப் பொறுத்தவரை மறுநாளே திறந்து விட்டது.

அதோடு, பணம் அனுப்ப வங்கிக் கதவு திறந்திருக்க வேண்டிய காலமும் போய்விட்டது. நெஃப்ட் முறை 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும், இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கின்றன. ஆகவே ஊருக்குப் போனதில் கெடு மறந்து போயிற்று என்ற உண்மையை எழுதுவதே மேல். அது யாரும் புரிந்து கொள்ளக்கூடிய காரணம். பொய்யென்று மறுக்கவும் முடியாது.

உரிமையா, சலுகையா?

எழுத உட்காருமுன் நாட்களை எண்ண வேண்டும். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, கெடு கடந்து மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதன் பிறகுதான் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் பாக்கி என்று தெரிவிக்கலாம். நம் அல்சூர்க்காரரின் கெடு 14. அவர் 17-ந் தேதிக்குள் கட்டியிருந்தால் கட்டணமே கூடாது. அப்படியும் போட்டிருந்தால் அது வங்கியின் பிழை. அப்போது "தயவு செய்து" என்று கெஞ்ச வேண்டியதில்லை. விதியைச் சொல்லித் திருத்தக் கேட்டால் போதும். பில் வந்து குறைந்தது இரண்டு வார அவகாசம் தரப்படாமல் இருந்தாலும் விதி வாடிக்கையாளர் பக்கமே.

ஆனால் இவர் கட்டியது ஐந்தாவது நாள். கட்டணம் விதிப்படி சரி. இனி கேட்பது சலுகைதான்.

இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். கெடுவுக்குள் முழுத் தொகை கட்டாவிட்டால் வட்டியில்லாத சலுகைக் காலம் போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 12,400 ரூபாய்க்கு டிசம்பர் 10 முதல் ஜனவரி 19 வரை நாற்பது நாளுக்குச் சுமார் 571 ரூபாய்; ஜி.எஸ்.டி. சேர்த்து 674 ரூபாய். மூன்று நாள் விதி இந்த வட்டியைத் தடுக்காது. கட்டணம் வேறு, வட்டி வேறு. கட்டணத்தை மட்டும் கேட்டால் கட்டணம் மட்டுமே கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கடிதம்

முதலில் பழைய பன்னிரண்டு பில்களைப் புரட்டி, "முதல் முறை" என்பது மெய்தானா என்று உறுதி செய்து கொள்வது நல்லது. வங்கியும் அதைத்தான் பார்க்கும். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, என் கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்கள் இவை. ஜனவரி 14-ந் தேதி கட்ட வேண்டிய 12,400 ரூபாயைப் பொங்கலுக்கு ஊர் சென்றிருந்ததால் கவனிக்கத் தவறி, 19-ந் தேதி முழுவதும் கட்டினேன். கடந்த ஓராண்டில் ஒரு முறையும் கெடு தவறியதில்லை. இது முதல் தவறு என்பதால், 25-ந் தேதி பில்லில் உள்ள தாமதக் கட்டணம் 750 ரூபாயையும் அதன் ஜி.எஸ்.டி. 135 ரூபாயையும் தள்ளுபடி செய்யக் கோருகிறேன். கூடுமானால் வட்டியையும் ஜி.எஸ்.டி.யோடு திருப்பித் தர வேண்டுகிறேன். இனி தவறாதிருக்கத் தானியங்கிப் பற்று முறைக்கு ஒப்புதல் அளித்துள்ளேன்."

ஒப்புதலை உண்மையிலேயே கொடுத்துவிட்ட பிறகே கடைசி வரியை எழுத வேண்டும். கார்டின் முழு எண்ணோ, பின்பக்க மூன்று இலக்கமோ, ஓ.டி.பி.யோ கடிதத்தில் எங்கும் வரக்கூடாது. கிளை மானேஜர் கையில் பெரும்பாலும் இந்த அதிகாரம் இருப்பதில்லை. கார்டு பிரிவின் முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பி, புகார் எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

பதில் வரும்வரை பணத்தை நிறுத்தி வைப்பதுதான் பெரிய தவறு. பிப்ரவரி 14-ந் தேதிக் கெடுவும் தவறினால் "முதல் முறை" என்ற பேச்சே எடுபடாது. கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிவிடலாம். வங்கி இசைந்தால் அடுத்த பில்லில் அது வரவாக வரும். அப்போது ஜி.எஸ்.டி.யும் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். கட்டணம் மட்டும் வந்து வரி நின்று விடுவதும் உண்டு.

வங்கி மறுத்தால்? விதி மீறிப் போட்ட கட்டணமானால், முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம். சலுகை மறுக்கப்பட்டதற்காக அங்கே போய்ப் பயனில்லை. அது வங்கியின் வியாபார முடிவு.

அடுத்த பொங்கலுக்கு வழி இருக்கிறது. பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக் கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகளே இடம் தருகின்றன. கெடு பண்டிகை நாட்களில் விழாதபடி, சம்பளம் வந்து சில நாட்களில் வருமாறு மாற்றக் கேட்டால், அதற்கும் ஒரு கடிதம் போதும்.