ஒன்றாம் தேதி பிறந்தவரின் ஓய்வு நாள்

மத்திய அரசின் அடிப்படை விதி 56-இன்படி, ஓர் ஊழியர் 60 வயதை நிறைவு செய்யும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுகிறார். பிறந்த தேதி மாதத்தின் ஒன்றாம் தேதியாக இருந்தால் மட்டும், முந்தைய மாதத்தின் கடைசி நாளே ஓய்வு நாள்.

காரணம் வயதைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. பிறந்த நாளும் முழு நாளாகவே எண்ணப்படுகிறது. 1965 ஜூலை 1-இல் பிறந்தவருக்கு 2025 ஜூன் 30 நள்ளிரவோடு 60 ஆண்டுகள் முடிந்துவிடுகின்றன. ஜூலை 1 அவருடைய 61-ஆம் ஆண்டின் முதல் நாள். ஆகவே வயது நிறைவடையும் மாதம் ஜூன். அவர் ஜூன் 30-இல் விடைபெறுகிறார். ஜூலை 2-இல் பிறந்தவருக்கோ ஜூலை 1-இல்தான் வயது நிறைவடைகிறது. அவர் ஜூலை 31 வரை பணியில் இருப்பார். பிறப்பில் ஒரு நாள் வித்தியாசம், சம்பளத்தில் ஒரு முழு மாதம்.

ஜூன் 30-இல் ஓய்வு பெறுபவருக்கு இன்னொரு இழப்பும் நெடுங்காலம் இருந்தது. ஆண்டு முழுவதும் உழைத்தும், ஜூலை 1-இல் பணியில் இல்லாததால் வருடாந்திர ஊதிய உயர்வு கிடைக்கவில்லை. இது அநியாயமே. ஓய்வுக்கு மறுநாள் வரவேண்டிய உயர்வுக்கும் ஊழியருக்கு உரிமை உண்டு என்று 2023 ஏப்ரலில் கர்நாடக மின்தொடரமைப்பு நிறுவன ஊழியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.