சொட்டு மருந்தும் செவிப் பங்கசும்

உடப்புசல்லாவை மலைச்சாரலிலே வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்குக் காதில் நோவும் சீழும் கண்டன எனக் கொள்ளலாம். தோட்டத்து மருந்துச்சாலையிலே சிப்ரோபுளொக்சசின் சொட்டு மருந்து 7 நாளுக்கெனக் கொடுக்கப்படுகின்றது. நோவு தணிகின்றது. ஆயின் குப்பியிலே மருந்து எஞ்சியிருப்பதால், காது சற்றே ஈரமாகுந்தோறும் அவள் அதனையே விட்டுவருகின்றாள். ஒரு மாதம் கழிந்தபின் நோவு பெரிதன்று. தாங்கொணாத் தினவே பெரிது. காது அடைத்தாற்போலிருக்கின்றது, கேள்வியும் மந்தமாகின்றது. பழைய நோய் மீண்டதென எண்ணி இன்னுமொரு குப்பி வாங்குகின்றாள். தினவு மிகுகின்றது.

இது பழைய நோயன்று. புறச்செவிக் குழாயின் தோலிலே தீங்கு செய்யாத பற்றீரியாக்கள் பல குடியிருக்கின்றன. அவையும், சிறிது அமிலத்தன்மையுடைய குறும்பியும், பங்கசு வேரூன்ற இடங்கொடா. நெடுநாள் விட்ட மருந்து நோய்க் கிருமிகளோடு இக்காவலரையும் அழித்துவிடுகின்றது; குழாயையும் ஓயாது ஈரமாக்குகின்றது. மருந்திலே ஸ்டீரொயிட்டும் கலந்திருப்பின் தோலின் எதிர்ப்பாற்றலும் தளரும். காற்றிலே எங்கும் மிதக்கும் அசுப்பேர்சில்லசின் வித்திகளுக்கு வேறென்ன வேண்டும்?

கருவி கொண்டு நோக்கும் வைத்தியர், நனைந்த செய்தித்தாள் போன்ற சாம்பல் நிறப் படலத்தையும், அதன்மேல் கரிப்பொடி தூவியதுபோன்ற புள்ளிகளையும் காண்பார். அப்புள்ளிகள் அசுப்பேர்சில்லசு நைகரின் வித்தித் தலைகள். கண்டிடா என்னும் இனமாயின் புள்ளிகளின்றித் தயிர்த்திரள் போன்ற வெண்பொருளே தோன்றும். சிலரிடத்துப் பற்றீரியாவும் பங்கசும் சேர்ந்தே இருக்குமாதலால், ஐயமுள்ளவிடத்துக் கசிவை எடுத்துச் சோதித்தல் வேண்டும்.

சிப்ரோபுளொக்சசின் பற்றீரியாவின் மரபுப்பொருளை முறுக்கும் நொதியத்தைத் தடுக்கின்றது. பங்கசில் அத்தொழிலைச் செய்யும் நொதியம் வேறு அமைப்பினது. ஆதலின் எத்தனை குப்பி விட்டாலும் பங்கசு சாகாது. பங்கசின் கலம் மனிதக் கலத்தை ஒத்தது. எனினும் அதன் மென்சவ்விலே கொலஸ்திரோலுக்குப் பதிலாக எர்கொஸ்திரோல் உண்டு. குளோட்ரிமசோல் தாக்குவது அவ்வெர்கொஸ்திரோலின் ஆக்கத்தையே.

ஆனால் மருந்தை மாற்றுவது மட்டும் போதாது. படலத்தின்மேல் விட்ட துளி தோலைச் சென்றடைவதில்லை. முதலிற் பழைய மருந்தை நிறுத்தி, படலத்தைக் கண்ணாற் பார்த்தே உறிஞ்சியோ உலர்ந்த பஞ்சினால் ஒற்றியோ முற்றாக அகற்றல் வேண்டும். நீர் பீச்சுதல் ஈரத்தையே கூட்டும். செவிப்பறையில் துளையுண்டா என்பதும் அப்பொழுதே தெரியவரும். துளையிருப்பின் மதுசாரமும் அமிலமும் கலந்த சொட்டுக்களைத் தவிர்ப்பர். அவை உட்செவிக்குத் தீங்கு செய்யக்கூடும். பின்னர் 1 வீதக் குளோட்ரிமசோலை நாளொன்றுக்கு இருமுறை அல்லது மும்முறை விடுவர். தினவு சில நாளிலே அடங்கினும், அதன்பின் இரு வாரமேனும் தொடர்தல் வழக்கம். நீரிழிவுள்ளவர் ஒருவருக்கு இரவிலே உறக்கத்தைக் கெடுக்கும் கடுநோவு உண்டாயின், அது எலும்பையே பற்றும் வேறு நோயாகவும் இருக்கலாம்; அவரை அன்றே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

மலையிலே மழை ஓயாதாகையால், குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சினால் காதை அடைப்பதும், ஊசி, குச்சி, எண்ணெய் ஆகியவற்றைக் காதுள் இடாதிருப்பதும் அப்பெண்ணிடம் விட்ட பணிகள். குப்பியில் எஞ்சிய பழைய மருந்தை எறிந்துவிடுதலும் அவற்றுள் ஒன்று.