கை நடுக்கம், விரல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஸ்மார்ட் கடிகாரத்தின் ஒற்றைக் கைச் சைகைகள்

ஸ்மார்ட் கடிகாரத்தை இயக்க இரண்டு கைகள் தேவை. ஒரு கையில் அதை அணிந்து, மறு கையின் விரலால் சிறிய திரையைத் துல்லியமாகத் தொட வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்களுக்கும் இது கடினம். ஆப்பிள் வாட்சில் 2021ஆம் ஆண்டு அறிமுகமான AssistiveTouch வசதி, கடிகாரம் அணிந்த கையின் விரல் அசைவுகளாலேயே அதை இயக்க வழி செய்கிறது. உங்கள் குறைபாட்டிற்கு ஏற்ற சைகையைத் தேர்ந்தெடுத்தால்தான் இது பயன் தரும்.

செயல்படும் முறை

கடிகாரத்திலுள்ள அசைவு உணரிகளும், அடிப்பகுதியிலுள்ள இதயத்துடிப்பு உணரியும் மணிக்கட்டின் தசை, தசைநாண் அசைவுகளைக் கண்டறிகின்றன. சைகைகள் நான்கு: பெருவிரலும் சுட்டுவிரலும் ஒருமுறை தொடுவது (Pinch), இருமுறை தொடுவது (Double Pinch), கையை ஒருமுறை முட்டியாக மடக்குவது (Clench), இருமுறை மடக்குவது (Double Clench). வழக்கமான அமைப்பில் முதலாவது அடுத்த பொத்தானுக்கு நகர்த்தும். இரண்டாவது பின்னே நகர்த்தும். மூன்றாவது அந்தப் பொத்தானை அழுத்தும். நான்காவது செயல் பட்டியலைத் திறக்கும். வார் தளர்வாக இருந்தால் உணரி தோலை விட்டு விலகிச் சைகைகள் பதிவாகாமல் போகலாம். எனவே, வலிக்காத அளவிற்கு இறுக்கமாக அணிய வேண்டும்.

எவருக்கு எந்தச் சைகை?

அத்தியாவசிய நடுக்கம் எனப்படும் வகையில், கையை உயர்த்தும்போதும் பொருளை நோக்கி நீட்டும்போதும் நடுக்கம் மிகும். கையைத் தளர்வாக வைத்திருந்தால் பெரும்பாலும் அடங்கும். இவர்கள் முன்கையை மேசையிலோ மடியிலோ தாங்கி வைத்துக்கொண்டு சைகை செய்வது நல்லது.

பார்க்கின்சன் நோயில் நடுக்கம் பெரும்பாலும் ஓய்வு நிலையில் தோன்றும். இங்கு பெரிய தடை இயக்கத்தின் மந்தமாகும். விரல்களைத் திரும்பத் திரும்பத் தொடச் சொன்னால் அசைவின் வீச்சு படிப்படியாகக் குறையும். மருத்துவர்கள் நோயைப் பரிசோதிக்கும் முறைகளுள் ஒன்று இதுவே. ஆகவே, பலமுறை விரல் தொட்டுப் பொத்தான்களைக் கடப்பது இவர்களுக்குப் பொருந்தாது. Scanning Style அமைப்பில் தானியங்கி முறையைத் தேர்ந்தால், பொத்தான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது ஒருமுறை கையை மடக்கினால் போதும்.

பக்கவாதம் ஏற்பட்டவர்கள் கடிகாரத்தை இயங்கும் கையில் அணிய வேண்டும். அதே கையின் விரல்களே சைகை செய்யும். செயலிழந்த கையின் துணை தேவையில்லை.

மணிக்கட்டைச் சாய்த்துத் திரையில் சுட்டியை நகர்த்தும் Motion Pointer வசதியும் உண்டு. அது சாய்வை உணர்ந்து செயல்படுவதால், நடுக்கத்திற்கு ஏற்பச் சுட்டியும் அலையக்கூடும். நடுக்கம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு

அத்தியாவசிய நடுக்கம் உள்ள 64 வயதுப் பெண்மணி ஒருவர், அழைப்பு வரும்போது பச்சைப் பொத்தானைத் தொட முயன்று அருகிலுள்ள சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிடுகிறார் எனக் கொள்வோம். குடும்பத்தினர் ஒருவர் கீழ்க்கண்டவாறு அமைத்துத் தரலாம்:

1. கடிகாரத்தில் Settings > Accessibility > AssistiveTouch சென்று அதை இயக்கவும்.
2. Hand Gestures பகுதியை இயக்கி, அங்குள்ள பயிற்சியில் நான்கு சைகைகளையும் செய்து பார்க்கச் சொல்லவும். எவை தவறாமல் பதிவாகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளவும்.
3. Accessibility பகுதியிலுள்ள Quick Actions அமைப்பை இயக்கவும். இனி, அழைப்பு வரும்போது கையை மடியில் வைத்தபடியே விரல்களை இருமுறை சேர்த்தால் அழைப்பு ஏற்கப்படும்.
4. வீட்டிலுள்ள மற்றொரு பேசியிலிருந்து அழைத்து, உட்கார்ந்த நிலையிலும் படுத்த நிலையிலும் சோதிக்கவும்.

தவறாகச் செயல்பட்டால்

நீங்கள் எதுவும் செய்யாதபோதே ஒளிரும் கட்டம் நகர்ந்தால், நடுக்கத்தைக் கடிகாரம் சைகையாகக் கொள்கிறது எனலாம். அந்தச் சைகைக்குரிய செயலை Hand Gestures பகுதியில் நீக்கிவிட்டு, வேறொரு சைகைக்கு மாற்றவும். மருந்தின் வீரியம் குறையும் வேளையில் மட்டும் சைகைகள் தவறினால், அந்த நேரங்களைக் குறித்து உங்கள் மருத்துவரிடம் தெரிவிக்கவும். மருந்து அட்டவணையை முடிவு செய்ய அது உதவும். முட்டி மடக்கிய பின் விரல்கள் விறைத்து விரிய மறுத்தால், அந்தச் சைகையைத் தவிர்த்து இயன்முறை மருத்துவரை அணுகவும்.

அவசர உதவிக்கு இச்சைகைகளை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது. திடீரென ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108 எண்ணை அழைக்கவும்.